மாதம் 17,000 ரூபாய் செலவுக்கு 5,899 ரூபாய் கார்டா? பிரீமியம் கிரெடிட் கார்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசம் பதினஞ்சு, இருபதாயிரம்தான் கார்டுல போகுது. வருடக் கட்டணம் உள்ள பிரீமியம் கார்டு எனக்குக் கட்டுப்படியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. முதல் வருடம் ஆவது போலத் தெரியும், இரண்டாம் வருடத்திலிருந்து கையைக் கடிக்கும். செலவு வருடத்துக்கு 4 லட்சத்தை நெருங்கும் வீட்டுக்கு வேறு பதில் உண்டு, அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

சும்மா சொன்னா எப்படி? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க.

திருச்சியில் இருக்கும் என் தங்கை வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாலில் கார்டு விற்கும் பையன் அவளை அரை மணி நேரம் நிற்க வைத்துப் பேசியிருக்கிறான். அன்று இரவு எனக்கு போன் வந்தது. "அண்ணா, மாசம் முப்பத்தெட்டாயிரம் செலவாகுது, அத்தனைக்கும் பாயின்ட் வருமாம். போட்டுக்கலாமா?"

அந்த "அத்தனைக்கும்" என்ற இடத்தில்தான் முதல் ஓட்டை. மாதச் செலவு 38,000 என்றாலும் அதில் வாடகை 11,000 வீட்டுக்காரம்மாவுக்கு ஜிபேயில் போகிறது. பால், காய்கறி, மீன், பேப்பர், வேலை செய்யும் அக்காவுக்குச் சம்பளம், பிள்ளையின் டியூஷன் எல்லாம் சேர்த்து இன்னொரு 10,000, ரொக்கமாகவோ யுபிஐயிலோ போகிறது. கார்டைத் தேய்க்கும் இடம் என்று பார்த்தால் மிச்சம் இருப்பது 17,000. சூப்பர் மார்க்கெட் 5,000, ஓட்டல் 1,500, ஆன்லைன் 3,500, கரண்ட், மொபைல், நெட் பில்கள் 2,000, மருந்து துணிமணி 2,000, பெட்ரோல் 3,000. வருடத்துக்கு 2,04,000 ரூபாய்.

கார்டுக்கு உதாரணமாக எஸ்பிஐ கார்டு எலைட்டை எடுத்துக்கொண்டேன். நல்லது கெட்டது என்று பார்த்து எடுக்கவில்லை, அதன் விதிகள் கூட்டிக் கழிக்க எளிது. நான் வைத்துப் பார்த்தது 2024-ல் இருந்த விதிகள். வருடக் கட்டணம் 4,999 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 5,899. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண், பில்லில் வருவது இரண்டாவது எண். சாதாரணச் செலவுக்கு 100 ரூபாய்க்கு 2 பாயின்ட். ஓட்டல், மளிகை, டிபார்ட்மென்டல் ஸ்டோர் செலவுக்கு ஐந்து மடங்கு, அதாவது 100 ரூபாய்க்கு 10 பாயின்ட். 4 பாயின்ட் சேர்ந்தால் 1 ரூபாய். ஆக சாதாரணச் செலவில் திரும்பி வருவது அரை சதவீதம், மளிகையிலும் ஓட்டலிலும் இரண்டரை சதவீதம்.

தங்கையின் சூப்பர் மார்க்கெட்டும் ஓட்டலும் வருடத்துக்கு 78,000. அதற்கு 7,800 பாயின்ட், 1,950 ரூபாய். ஆன்லைன், பில்கள், மருந்து, துணி சேர்ந்து 90,000. அதற்கு 1,800 பாயின்ட், 450 ரூபாய். பெட்ரோல் 36,000-க்குப் பாயின்ட் கிடையாது. சர்சார்ஜ் தள்ளுபடி உண்டு, ஆனால் அது கார்டைத் தேய்ப்பதால் விழும் கட்டணத்தை அவர்களே திருப்பித் தருவதுதான். பங்க்கில் யுபிஐயில் கொடுத்தால் அந்தக் கட்டணமே கிடையாது.

மொத்தம் 9,600 பாயின்ட். கேட்க நன்றாக இருக்கிறது. ரூபாயில் 2,400. கொடுத்தது 5,899. மிச்சம் 3,499 ரூபாய் நஷ்டம்.

வெல்கம் கிஃப்ட்டா 5,000 ரூபாய் வவுச்சர் தர்றாங்களே? அதுலயே கட்டணம் போயிடுமே?

முதல் வருடம் போய்விடும். 2,400-உடன் 5,000 சேர்ந்தால் 7,400, கட்டணம் போக 1,500 ரூபாய் கையில். அந்த வவுச்சர் செல்லும் கடைகளில் நீங்கள் எப்படியும் வாங்குவீர்கள் என்றால் அது நிஜ லாபம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த வவுச்சர் ஒரு முறைதான். பதிமூன்றாம் மாத ஸ்டேட்மென்டில் கட்டணம் தானாக ஏறும், கேட்டுவிட்டு ஏற்ற மாட்டார்கள். அந்த மாதம் எதுவும் பெரிதாக வாங்கவில்லையே, பில் ஏன் இவ்வளவு என்று பலர் யோசிப்பது அப்போதுதான். முதல் வருட லாபத்துக்காக மட்டும் கார்டு எடுக்கிறவர், கார்டு கைக்கு வந்த அன்றே போன் காலண்டரில் பதினோராம் மாதத்தில் ஒரு நினைவூட்டல் போட்டு வைக்க வேண்டும். போட மாட்டேன், மறந்துவிடுவேன் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் எடுக்காமலே இருக்கலாம்.

மாசா மாசம் சினிமா டிக்கெட் இலவசம், வருஷத்துக்கு 6,000 ரூபாய் மதிப்புன்னு போட்டிருக்கே?

அந்த 6,000 எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு டிக்கெட்டுக்கு அதிகபட்சம் 250 ரூபாய், மாதம் ஒரு முறை இரண்டு டிக்கெட், பன்னிரண்டு மாதம். எல்லா மாதமும், இரண்டு பேரும், 250 ரூபாய் டிக்கெட்டில் படம் பார்த்தால்தான் 6,000.

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மல்டிபிளெக்ஸில் சாதாரண இருக்கை 190 ரூபாய் சுற்றில் முடிந்துவிடும். பெங்களூரிலும் மும்பையிலும் 400 கொடுக்கிறவருக்கு 250 முழுதாகக் கழியும், திருச்சிக்காரருக்கு 190-தான் கழியும். புக்கிங் கட்டணம் நம் கையிலிருந்துதான். தங்கை குடும்பம் வருடத்தில் ஐந்து படம் போகும். பொங்கல், தீபாவளி, நடுவில் மூன்று. ஐந்து முறை இரண்டு டிக்கெட் என்றால் 1,900 ரூபாய். அதைச் சேர்த்தாலும் இரண்டாம் வருட நஷ்டம் 1,599 ரூபாய் நிற்கிறது.

டிக்கெட் இலவசம் என்பதற்காக ஆறாவது படம், ஏழாவது படம் போனால் நஷ்டம் குறையும் என்று நினைக்கத் தோன்றும். மூன்றாவது ஆளான பிள்ளைக்கு டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் யார் கணக்கு? எப்படியும் செய்திருக்கப் போகிற செலவில் மிச்சமாவதை மட்டும்தான் சலுகையின் மதிப்பாக எழுத வேண்டும்.

கட்டணம் இல்லாத கார்டுல பாயின்ட் ரொம்பக் கம்மியா வருமே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதே 2,04,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை. அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு வருடக் கட்டணம் கிடையாது. வெளியே செய்யும் செலவுக்கு 1 சதவீதம், அமேசானில் பிரைம் இல்லாதவருக்கு 3 சதவீதம், பிரைம் உறுப்பினருக்கு 5. பெட்ரோலுக்கு இங்கேயும் ஒன்றும் இல்லை.

பெட்ரோல் போக மிச்சம் 1,68,000. எல்லாவற்றுக்கும் வெறும் 1 சதவீதம் என்றே வைத்தால் 1,680 ரூபாய். தங்கை அமேசானில் மாதம் 2,000 ரூபாய்க்கு வாங்குகிறாள், பிரைம் கிடையாது. அந்த 24,000-க்குக் கூடுதல் 2 சதவீதம் 480. ஆக 2,160 ரூபாய்.

பிரீமியம் கார்டில் 2,400, கட்டணமில்லாத கார்டில் 2,160. வித்தியாசம் வருடத்துக்கு 240 ரூபாய். அந்த 240-க்காக 5,899 கட்டுகிறோம். இந்த வரியைப் படித்துக் காட்டியதும் தங்கை போனில் சிரித்துவிட்டாள், அதோடு அந்தப் பையனின் நம்பரும் பிளாக் ஆனது.

பிரீமியம் கார்டை ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டால் 2,400 ரூபாய் வருமானம் மாதிரித் தெரியும். கட்டணமில்லாத கார்டோடு ஒப்பிட்டால்தான் அந்தக் கட்டணம் எதை வாங்கித் தருகிறது என்று தெரியும்.

அப்ப எவ்வளவு செலவு பண்ணா இந்த மாதிரி கார்டு லாபம்?

மேலே சொன்ன கார்டையே வைத்துச் சொல்கிறேன். அதில் பெரிய பணம் தினசரிப் பாயின்ட்டில் இல்லை, மைல்கல் பாயின்ட்டில் இருக்கிறது. வருடச் செலவு 3 லட்சத்தைத் தொட்டால் 10,000 பாயின்ட், 4 லட்சத்தில் இன்னொரு 10,000, 5 லட்சத்திலும் 8 லட்சத்திலும் 15,000 வீதம். 10,000 பாயின்ட் என்றால் 2,500 ரூபாய்.

தங்கை வீட்டுச் செலவு அதே விகிதத்தில் 4 லட்சமாக இருந்தால் என்னாகும்? தினசரிப் பாயின்ட்டில் சுமார் 4,700 ரூபாய், மைல்கல்லில் 5,000, ஆக 9,700. கட்டணமில்லாத கார்டில் அதே செலவுக்கு 4,200 சுற்றில் வரும். கூடுதலாகக் கிடைப்பது 5,500, கட்டணம் 5,899. ஏறக்குறைய சரிக்குச் சரி. வருடத்தில் ஒன்றிரண்டு படம் போனால் லாபத்துக்கு வந்துவிடும். 5 லட்சத்தைத் தாண்டினால் சந்தேகமில்லாமல் லாபம்.

4 லட்சம் என்றால் மாதம் 33,000 ரூபாய் கார்டில் போக வேண்டும். குடும்பத்தின் மொத்தச் செலவு 33,000 ஆக இருந்தால் போதாது. வாடகையும் காய்கறியும் கார்டில் போகாது என்பதால், மொத்த மாதச் செலவு 55,000, 60,000 இருக்கும் வீட்டுக்குத்தான் இது எட்டும். ஒவ்வொரு கார்டுக்கும் எண்கள் மாறும், ஆனால் நான் போட்டுப் பார்த்த நடுத்தரப் பிரீமியம் கார்டுகளில் பெரும்பாலானவை 3 லட்சத்துக்கும் 5 லட்சத்துக்கும் இடையில் எங்கேயோதான் திரும்புகின்றன.

வருஷம் முடிய ஒரு மாசம் இருக்கு. இன்னும் 40,000 செலவு பண்ணா கட்டணம் தள்ளுபடி. பண்ணிடலாமா?

எதற்குச் செலவு என்பதைப் பொறுத்தது. அடுத்த மாதம் கட்ட வேண்டிய ஸ்கூட்டர் இன்சூரன்ஸை இந்த மாதமே கட்டுவது, எப்படியும் வாங்கப் போகிற மிக்ஸியைப் பத்து நாள் முன்னால் வாங்குவது, இதெல்லாம் சரி. தள்ளுபடிக்காகவே ஒரு டிவி என்றால், உதாரணத்துக்கு 3,000 ரூபாய் கட்டணத்தை அதன் ஜிஎஸ்டியோடு சேர்த்து 3,540 மிச்சப்படுத்த 40,000 கொடுக்கிறோம்.

எந்தச் செலவு இலக்கில் சேராது என்பதையும் முதலில் பாருங்கள். வாடகை, பெட்ரோல், வாலட்டில் ஏற்றும் பணம், அரசுக்குக் கட்டும் வரி ஆகியவற்றை வங்கிகள் ஒவ்வொன்றாகப் பாயின்ட்டிலிருந்தோ தள்ளுபடி இலக்கிலிருந்தோ எடுத்து வருகின்றன. ஆப் வழியாக வாடகை கட்ட முடிந்தாலும் தனிக் கட்டணம் விழலாம். இலக்கைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்து, 11,000 ரூபாய் வாடகை கணக்கில் சேராததால் தவறவிட்ட ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

என்கிட்ட 25,000 பாயின்ட் சேர்ந்திருக்கு. எவ்வளவு ரூபாய்?

எந்தக் கார்டு, எதற்காக மாற்றப் போகிறீர்கள் என்ற இரண்டும் தெரியாமல் சொல்ல முடியாது. ஒரே கார்டிலேயே ஒரு பாயின்ட்டுக்கு மூன்று விலை இருக்கும். எச்டிஎஃப்சி ரீகாலியா கோல்டில் பாயின்ட்டைக் கார்டு பில்லில் கழித்தால் 20 பைசா, அவர்கள் தளத்தில் விமான டிக்கெட் எடுத்தால் 50 பைசா. இதுவும் 2024 நிலவரம். அதே 25,000 பாயின்ட், விமானம் ஏறுகிறவருக்கு 12,500 ரூபாய், பில்லில் கழிக்கிறவருக்கு 5,000.

குறைவாகச் செலவு செய்யும் வீடு வருடத்துக்கு எத்தனை தடவை விமானம் ஏறும்? ஆகவே உங்கள் கணக்கில் எப்போதும் குறைந்த விலையைப் போடுங்கள். அந்த 20 பைசாவில், 150 ரூபாய் செலவுக்கு அந்தக் கார்டு தந்த 4 பாயின்ட் என்பது 80 பைசா, அரை சதவீதத்துக்குச் சற்று மேல்.

இன்னொன்று, பாயின்ட்டுக்குக் காலாவதி உண்டு, பல கார்டுகளில் இரண்டு வருடம். ரிடீம் பண்ண 99 ரூபாய் மாதிரிக் கட்டணமும் உண்டு. ஐந்நூறு ஐந்நூறாக எடுத்தால் அந்த 99-லேயே கரைந்துவிடும். சேர்த்து ஒரே தடவையாக எடுப்பது நல்லது, ஆனால் வருடக்கணக்கில் பூட்டி வைக்கவும் கூடாது. பாயின்ட்டின் விலையை வங்கி எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம், நம் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை அப்படிக் குறைக்க முடியாது.

மளிகைக்கு அஞ்சு மடங்கு பாயின்ட்னாங்க. எனக்கு சாதா பாயின்ட்தான் ஏறியிருக்கு. ஏன்?

கடையின் கார்டு மெஷினுக்கு ஒரு நாலு இலக்க எண் இருக்கிறது, வணிக வகைக் குறியீடு. மளிகை சூப்பர் மார்க்கெட் என்றால் 5411, ஓட்டல் என்றால் 5812, பெட்ரோல் பங்க் 5541. கடைக்காரர் மெஷின் வாங்கும்போது எந்த வகையில் பதிந்தார்களோ, வங்கிக்கு அதுதான் தெரியும். நீங்கள் துவரம் பருப்பு வாங்கினீர்களா, துணி வாங்கினீர்களா என்று அதற்குத் தெரியாது.

எனக்கே நடந்தது. எங்கள் பேட்டையில் ஒரு பெரிய மளிகைக் கடை, அண்ணாச்சி நடத்துகிறார். ஆறு மாதம் அங்கேதான் தேய்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்மென்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் பாயின்ட் எழுதிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி கடை வரி எல்லாவற்றிலும் வர வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறியிருந்தது. வங்கிக்குப் போன் பண்ணினால், அந்தக் கடை மளிகையாகப் பதியப்படவில்லை, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அண்ணாச்சியிடம் கேட்டேன். முன்னால் அவர் அதே இடத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தாராம், மெஷின் அப்போது வாங்கியது.

புதுக் கார்டு வந்தால் வழக்கமாகப் போகும் நாலு கடையில் ஒரு சின்னத் தொகையைத் தேய்த்து, ஸ்டேட்மென்ட் வந்ததும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும்.

கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரான்னு கடைக்காரர் சொல்றாரே?

கொடுக்காதீர்கள், யுபிஐயில் கட்டிவிட்டு வாருங்கள். 20,000 ரூபாய் போனுக்கு 2 சதவீதம் 400 ரூபாய். நமக்குப் பாயின்ட்டில் வருவது 100.

ஏர்போர்ட் லவுஞ்ச் இலவசமாச்சே, அதுக்கு மதிப்பு இல்லையா?

வருடத்துக்கு ஒரு தடவை சென்னையிலிருந்து டெல்லி போய் வருகிறவருக்கு, லவுஞ்ச் இல்லாவிட்டால் அவர் வெளியே என்ன சாப்பிட்டிருப்பாரோ அதுதான் மதிப்பு. இட்லி, காபி, தண்ணீர் பாட்டில் என்று ஏர்போர்ட் விலையில் ஒரு ஆளுக்கு 500 ரூபாய் வைக்கலாம். பலர் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறவர்கள், அவர்களுக்கு மதிப்பு பூஜ்யம்.

இப்போது இதற்கும் செலவு நிபந்தனை வந்துவிட்டது. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில், முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்று பல கார்டுகளுக்கு விதி வைத்தது. அதே வருடம் நவம்பரில் அது 75,000 ஆனது. என் தங்கை மாதிரி மாதம் 17,000 செலவு செய்கிறவருக்கு மூன்று மாதத்தில் 51,000. ஏப்ரல் விதியில் உள்ளே போயிருப்பாள், நவம்பர் விதியில் வாசலிலேயே நின்றிருப்பாள். பயணம் போகும் காலாண்டைப் பார்ப்பதில்லை, அதற்கு முந்தைய காலாண்டைப் பார்க்கிறார்கள். இதை வாசலில் வந்து தெரிந்துகொள்கிறவர்கள் நிறைய.

ஒரு மாசம் மட்டும் மினிமம் கட்டிட்டு அடுத்த மாசம் மொத்தமா கட்டிட்டா என்ன?

17,000 ரூபாய் பில்லில் கொஞ்சம் மட்டும் கட்டினால், மாதம் 3.75 சதவீதம் வட்டி என்ற கணக்கில் தோராயமாக 638 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 115, மொத்தம் 750 சொச்சம். கட்டிய மினிமம் தொகைக்காகக் கொஞ்சம் குறையும். ஆனால் வட்டி ஓடுவது கடைசித் தேதியிலிருந்து இல்லை, நீங்கள் ஒவ்வொரு பொருளையும் வாங்கிய தேதியிலிருந்து. அதனால் அப்படிக் குறைந்த தொகை திரும்ப ஏறிவிடும். பாக்கி முழுதும் அடையும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது.

750 ரூபாய் என்பது 3,000 பாயின்ட். தங்கை வீட்டில் அதைச் சேர்க்க நாலு மாதம் ஆகும். வருடத்தில் ஒரு மாதமாவது இப்படி இழுத்துக்கொண்டு போகும் வீடு என்றால், பாயின்ட் கணக்கை மேலே படிக்கவே வேண்டாம்.

லைஃப்டைம் ஃப்ரீன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. இப்ப கட்டணம் போட்டிருக்காங்க. என்ன செய்யறது?

விற்றவர் சொன்னதற்கு எழுத்து இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டபோது வந்த மெயில், கார்டோடு வந்த கடிதம், எஸ்எம்எஸ், இவற்றில் கட்டணம் பற்றி என்ன போட்டிருக்கிறது? "முதல் வருடம் இலவசம்" என்பதை "ஃப்ரீ" என்று வாயால் சுருக்கிவிடுவதுதான் வழக்கமான வேலை. எழுத்தில் இலவசம் என்று இருந்தால் அதை இணைத்து வங்கிக்கு மெயிலில் புகார் கொடுத்து, எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம். அங்கே கட்டணம் எதுவும் இல்லை.

கார்டு வந்து உறையே பிரிக்காமல் இருக்கிறவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, கார்டை 30 நாளுக்கு மேல் செயல்படுத்தாமல் வைத்திருந்தால் வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் சம்மதிக்காவிட்டால் 7 வேலை நாட்களில் ஒரு பைசா வாங்காமல் மூட வேண்டும். மனசு மாறிவிட்டது என்றால் அந்த ஓடிபியை யாரிடமும் சொல்லாமல், எங்கேயும் போடாமல் இருந்தாலே போதும்.

சரி, மூடிடறேன். சிபில் ஸ்கோர் அடிபடுமா? எப்படி மூடறது?

இது ஒன்றுதான் உங்கள் கார்டு என்றால் மூடுவதற்கு முன் கட்டணமில்லாத கார்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இதே வங்கியிடம் இதைக் கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். ஸ்கோர் அசைவது பெரும்பாலும் மொத்த லிமிட் குறைவதால். அதே செலவு, குறைந்த லிமிட்டில் பெரிய பங்காகத் தெரியும். 2 லட்சம் லிமிட்டில் 17,000 என்பது எட்டரை சதவீதம், 50,000 லிமிட்டில் அதே 17,000 மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் அது முடிந்த பிறகு மூடட்டும்.

மூடுவதற்கு முன்னால் பாயின்ட்டை முழுக்க எடுத்துவிடுங்கள், மூடினால் போய்விடும். பில் பாக்கி பூஜ்யமாக வேண்டும், கார்டில் ஓடும் ஆட்டோ டெபிட்டுகளை வேறு கார்டுக்கு மாற்ற வேண்டும். பிறகு கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுங்கள். உடனே ஒருவர் உருகிப்போய், "உங்களுக்காக ஸ்பெஷலா கட்டணத்துக்கு ஈடா பாயின்ட் போட்டுத் தர்றோம் சார்" என்பார். அதை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. 4,999-க்கு ஈடாக 20,000 பாயின்ட் தந்தால் இன்னொரு வருடம் வைத்திருக்கலாம். ஜிஎஸ்டி 900 ரூபாய் திரும்புமா, ஏதாவது செலவு நிபந்தனை உண்டா என்று கேட்டு, எஸ்எம்எஸ்ஸாக அனுப்பச் சொல்லுங்கள்.

வேண்டாம் என்று முடிவானால் மெயிலிலும் எழுதிப் போடுங்கள். பாக்கி இல்லாத கார்டை வங்கி 7 வேலை நாட்களில் மூட வேண்டும். மூடாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று அதே 2022 விதிகள் சொல்கின்றன. மூடிவிட்டோம் என்ற மெயில் வந்ததும் அதைப் பத்திரப்படுத்தி, இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.